ஐம்பதாயிரத்தில் யாருக்கு எவ்வளவு?

(கும்பகோணத்தில் ஒளிப்படக் கலைஞர்கள் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்யாண ஆர்டருக்கு ஆள் வந்து உட்கார்ந்ததும் நம்மில் பலர் விலையை எங்கிருந்து எடுக்கிறோம்? பக்கத்து ஸ்டூடியோவில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பது காதில் விழுந்திருக்கும். போன வருஷம் நாம் வாங்கியது நினைவில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறோம். கல்யாணம் முடிந்து, கூட வந்தவர்களுக்குக் கொடுத்து, ஆல்பம் லேபுக்குக் கட்டி, கையில் நிற்பதை லாபம் என்று எடுத்து வீட்டுச் செலவுக்குக் கொடுத்துவிடுகிறோம். மூன்றாம் வருஷம் கேமரா பழுதானால் புதிதாக வாங்க நகைக்கடன். இது நம் தொழிலில் பழகிப்போன சங்கதி. கையில் நிற்கிற அந்தப் பணம் முழுக்க நம்முடையது இல்லை என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. யாருடையது, எவ்வளவு என்பதை ஒரே ஒரு கல்யாணத்தை வைத்துப் பிரித்துப் பார்ப்போம்.

நம் ஊர் மண்டபத்தில் ஒரு கல்யாணம். முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை 6 முதல் 7.30 வரை முகூர்த்தம். போட்டோ மட்டும். வீடியோவுக்கும் கணக்கு இதே வழிதான், ஆனால் இரண்டையும் இன்று கலந்தால் எண்கள் கூடிப்போகும் என்று விட்டுவிடுகிறேன். கேண்டிட் எடுப்பவர் ஸ்டூடியோ உரிமையாளர், அதாவது நீங்கள். டிரெடிஷனல் எடுக்கத் தன் கேமராவோடு இன்னொருவர். லைட் பிடிக்க ஒரு பையன். பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அளவில் 40 ஷீட் ஆல்பம் ஒன்று. விலை 50,000 ரூபாய் என்று பேசி முடித்தாயிற்று. நான் சொல்லப்போகும் ரூபாய்த் தொகைகள் கணக்கைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் நிலவரத்தை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் மணி. பெண் வீட்டார் மனதில் என்ன இருக்கிறது? "சாயங்காலம் நாலு மணி நேரம், காலையில நாலு மணி நேரம், அவ்வளவுதானே தம்பி." உண்மையில் நடப்பது வேறு. மாலை மூன்றரைக்கு சாமான்களை எண்ணி வண்டியில் ஏற்றுகிறீர்கள். நாலரைக்கு மணமகள் அறையில் அலங்காரப் படங்கள். ஆறரைக்கு மேடை. பத்தரைக்குக் கடைசிக் குடும்பம் இறங்குகிறது. அதற்குப் பிறகு பாட்டரிகளைச் சார்ஜில் போட்டு, கார்டுகளை லேப்டாப்பில் இறக்கி, சாமானைப் பூட்டிப் படுக்கும்போது பதினொன்றரை. மறுநாள் மணமகளுக்கு மூன்று மணிக்கே மேக்கப் தொடங்கிவிடும். நாலு மணிக்கு நீங்கள் கேமராவோடு நிற்க வேண்டும். தாலி கட்டி, அம்மி மிதித்து, அருந்ததி பார்த்து, உறவு வரிசையாகக் குரூப் போட்டோ எடுத்து, பந்தியையும் எடுத்து வீடு திரும்பும்போது மதியம் ஒரு மணி. முதல் நாள் எட்டு, மறுநாள் ஒன்பது, ஆக 17 மணி நேரம்.

இது பாதிக் கதைகூட இல்லை. முன்னால் பேச்சுவார்த்தை, போன், யார் யார் முக்கிய உறவு என்று பட்டியல் வாங்குவது எல்லாம் சேர்த்து 3 மணி நேரம். பின்னால் இரண்டு ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்துச் சரிபார்க்க 1 மணி. அதற்கு அப்புறம் வருவதுதான் பெரிய வேலை: படம் கழிப்பது.

இரண்டு கேமராவிலும் சேர்த்து 3,500 படம் வந்திருக்கும். ஏன் இவ்வளவு என்று கேட்கிறவர்கள் ரிசப்ஷன் வரிசையைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு குடும்பமும் மேடையேறும்போது ஒருவர் கண் சிமிட்டுவார், குழந்தை திரும்பும், பெரியவர் கவர் கொடுக்கக் குனிவார். அதனால் ஒரு குடும்பத்துக்கு மூன்று படமாவது அழுத்தித்தான் ஆக வேண்டும். பிறகு அந்த மூன்றையும் அருகருகே வைத்து, எல்லோர் கண்ணும் திறந்த ஒன்றைத் தேட வேண்டும். நிமிஷத்துக்குப் பத்துப் படம் வீதம் பார்த்தால்கூட ஆறு மணி நேரம் ஆகிறது. தேறிய 700 படத்துக்குக் கலர் கரெக்ஷன், நிமிஷத்துக்கு ஒன்று என்று வைத்தால் 12 மணி நேரம்.

இந்த ஒரு நிமிஷக் கணக்கு எப்போது உடையும் தெரியுமா? மேடைக்குப் பின்னால் எல்இடி திரை வைத்த ரிசப்ஷனில். திரையின் ஊதாவும் நீலமும் கன்னத்தில் விழும், முன்னால் மண்டபத்து மஞ்சள் விளக்கு, நடுவில் உங்கள் பிளாஷின் வெள்ளை. ஒரே முகத்தில் மூன்று நிறம். ஷட்டர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் திரையில் குறுக்கே கருப்புப் பட்டைகள் வேறு விழும். இந்தப் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே செட்டிங்கில் திருத்த முடியாது. முகம் முகமாகப் பார்க்க வேண்டியிருக்கும். நிமிஷத்துக்கு ஒன்று என்பது மூன்று நிமிஷத்துக்கு ஒன்றாகிவிடும். ஆகவே விலை சொல்வதற்கு முன் "மேடையில எல்இடி வைக்கிறீங்களா? டெக்கரேஷன் யாரு பண்றாங்க?" என்று கேட்பது ஊர் வம்பு இல்லை. அது எடிட்டிங் மணியைத் தெரிந்துகொள்கிற கேள்வி. நம் கல்யாணத்தில் எல்இடி இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கச் சொல்லி நினைவூட்ட 2 மணி, டிசைனர் போட்டுக் கொடுத்ததைத் திருத்த 3 மணி, லேபிலிருந்து வந்ததைப் பக்கம் பக்கமாகப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுக்க 2 மணி. எல்லாம் கூட்டினால் 46 மணி நேரம். மண்டபத்தில் 17, மேசையிலும் போனிலும் 29. வாடிக்கையாளர் பேரம் பேசுவது அந்தப் பதினேழைப் பற்றி. நாமும் அதை மட்டுமே பார்த்து விலை சொல்கிறோம்.

அந்த 46 மணிக்கு என்ன கூலி? வீட்டுக்கு மாதம் 40,000 வேண்டும் என்று வைப்போம். வருஷத்துக்கு 4,80,000. இதை எத்தனை கல்யாணத்தால் வகுப்பது என்பதில்தான் ஆள் தடுமாறுகிறார். வருஷத்தில் 365 நாள் இருந்தாலும் நம் தொழிலுக்கு அத்தனை நாள் இல்லை. ஆடியும் மார்கழியும் கிடையாது. புரட்டாசியைப் பல வீட்டில் தவிர்க்கிறார்கள். கிறிஸ்தவர் வீட்டில் தவக்காலத்தில் கல்யாணம் அபூர்வம், முஸ்லிம்கள் வீட்டில் ரமலானில் அபூர்வம். மிச்சமுள்ள நல்ல நாளில் எல்லோருக்கும் ஒரே முகூர்த்தம். ஒரே தேதிக்கு ஐந்து பேர் கூப்பிடுவார்கள், ஒன்றுக்குத்தான் போக முடியும். நமக்கு வருஷம் 30 கல்யாணம் என்று கொள்வோம். 30 கல்யாணம், ஒவ்வொன்றுக்கும் 46 மணி என்றால் 1,380 மணி நேரம். வீட்டுக்கு வேண்டிய தொகையை இதனால் வகுத்தால் மணிக்குச் சுமார் 350 ரூபாய். ஒரு கல்யாணத்துக்கு உங்கள் கூலி 16,100.

முப்பது என்பதை ஆசையிலிருந்து எடுக்காதீர்கள். கடந்த மூன்று வருஷ டைரியை எடுத்து, அதில் குறைந்த வருஷத்து எண்ணிக்கையைப் போடுங்கள். முப்பது என்று போட்டு இருபதுதான் வந்தால், அதே வீட்டுச் செலவுக்குக் கல்யாணத்துக்கு 24,000 வேண்டியிருக்கும்.

கடை வாடகை, மின்சாரம், நெட், சாப்ட்வேர் சந்தா எல்லாம் மாதம் 12,000 என்று வைத்தால் வருஷத்துக்கு 1,44,000. முப்பதால் வகுத்தால் ஒரு கல்யாணத்தின் பங்கு 4,800. இதில் விளக்க ஒன்றுமில்லை. ஆனால் கேமரா தேய்மானம் அப்படி இல்லை. நின்று பேச வேண்டியது அது.

ஷட்டருக்கு ஓர் ஆயுள் உண்டு. சோனி ஏ7 III கேமராவுக்கு 2,00,000 தடவை, கேனான் 5டி மார்க் IV-க்கு 1,50,000 தடவை என்று தயாரித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அது உத்தரவாதம் இல்லை. சோதனையில் தாங்கிய அளவு, அவ்வளவுதான். அதற்கு முன்பும் போகலாம், தாண்டியும் ஓடலாம். நீங்கள் ஒரு கல்யாணத்துக்கு 2,200 படம் அழுத்தினால் வருஷத்துக்கு 66,000. ஒரே பாடியில் எடுத்தால் மூன்று வருஷத்தில் இரண்டு லட்சத்தை நெருங்கிவிடுவீர்கள்.

ஷட்டர் மட்டுமா தேய்கிறது? ஹோமப் புகையில் நெய்ப்பசை இருக்கிறது. முகூர்த்தம் முடிந்து லென்ஸின் முன்கண்ணாடியை விளக்கில் சாய்த்துப் பாருங்கள், மெல்லிய படலம் தெரியும். பில்டர் போட்டிருந்தால் பில்டரோடு போகும், இல்லாவிட்டால் லென்ஸைத் துடைத்துத் துடைத்துப் பூச்சு மங்கும். நலங்கில் மஞ்சள் தண்ணீர், ரிசப்ஷனில் நுரை ஸ்பிரே. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடி வியர்க்கிறது. அந்த ஈரத்தோடு பையில் மூடி வைத்தால், நம் டெல்டா காற்றுக்கு மழைக்காலத்தில் உள்ளே பூஞ்சை வந்துவிடும். பிளாஷ் பாட்டரி உப்புகிறது. கார்டின் தொடுமுனைகள் தேய்கின்றன. இதில் எதற்கும் அன்றைக்கு ரசீது வருவதில்லை. ரசீது இல்லாததால் செலவே இல்லை என்று நினைத்துவிடுகிறோம்.

கணக்கை இப்படிப் போடலாம். வாங்கிய விலையிலிருந்து, விற்றால் கிடைக்கும் விலையைக் கழித்து, எத்தனை வருஷம் உழைக்கும் என்பதால் வகுக்க வேண்டும். பாடி இரண்டும் சேர்த்து மூன்று லட்சம். நான்கு வருஷம் கழித்து 90,000 கிடைக்கும் என்றால், வருஷத்துக்கு 52,500 தேய்மானம். லென்ஸ்கள் நீண்ட நாள் உழைக்கும். 1,80,000-க்கு வாங்கி எட்டு வருஷத்தில் 60,000-க்கு விற்றால் வருஷத்துக்கு 15,000. பிளாஷ், பாட்டரி, கார்டு வகைக்கு 20,000, கம்ப்யூட்டருக்கு 20,000. சர்வீஸ் செலவு 12,000. மொத்தம் 1,19,500. முப்பதால் வகுத்தால் கல்யாணத்துக்கு 4,000 என்று எடுத்துக்கொள்ளலாம். வருமான வரியில் ஆடிட்டர் கேமராவுக்கு 15 சதவீதம், கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் தேய்மானம் எழுதுவார். அது வரிக்கான கணக்கு. விலை போட அதை எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கேமரா எவ்வளவு ஓடுகிறது என்று வரிச் சட்டத்துக்குத் தெரியாது.

இந்த 4,000 ரூபாயை ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தனிக் கணக்கில் போட்டு வைத்தால்தான் அது கேமராவின் பணமாக இருக்கும்.

அடுத்து கூட வருபவர்கள். டிரெடிஷனல் எடுப்பவருக்கு இரண்டு வேளைக்கும் 7,000, லைட் பையனுக்கு 2,000, வண்டிக்கும் வழிச்செலவுக்கும் 2,000, ஆக 11,000. இரண்டாவது ஆள் எதற்கு என்று பேரத்தில் கேட்பார்கள். கெட்டிமேளம் கொட்டித் தாலி ஏறும் நேரம் ஒரு நிமிஷம்கூட இல்லை. அந்த நேரத்தில் அட்சதை பறக்கிறது, முன்வரிசையில் இருபது செல்போன் உயர்கிறது, நாத்தனார் முடிச்சுப் போடப் பின்னால் வந்து நிற்கிறார். ஒரு கோணம் அடைபட்டால் இன்னொரு கோணத்தில் ஆள் இருக்க வேண்டும். தாலி கட்டுவதைத் திரும்ப எடுக்க முடியாது. இதை அப்படியே அவர்களிடம் சொல்லலாம், ஒத்துக்கொள்வார்கள். ஒரு எச்சரிக்கை: பெரிய முகூர்த்த நாளில் 7,000-க்கு வருகிறவர் 9,000 கேட்பார், ஏனென்றால் ஊரெல்லாம் அவரைத் தேடும். தேதியைப் பார்க்காமல் அசிஸ்டென்ட் கூலியை எழுதக் கூடாது. அட்வான்ஸ் வாங்கிய அன்றே அவருக்கும் தேதியைச் சொல்லி உறுதி செய்துவிட வேண்டும்.

கடைசியாக ஆல்பம். ஷீட்டுக்குப் பிரிண்ட் 110, டிசைன் 100. நாற்பது ஷீட்டுக்கு 8,400. பேடும் பெட்டியும் 2,500, கூரியர் 300. மொத்தம் 11,200. ஹார்டு டிஸ்க் பங்கு 600 தனி.

இப்போது 50,000-ஐப் பிரிப்போம். கூட வந்தவர்களுக்கு 11,000, ஆல்பத்துக்கு 11,200 கொடுத்தாயிற்று. கையில் 27,800 நிற்கிறது. பார்க்க நல்ல தொகைதான். அதில் 16,100 உங்கள் கூலி, 4,800 கடையின் பங்கு, 4,000 கேமராவின் பங்கு, 600 டிஸ்க்கின் பங்கு. உண்மையான மிச்சம் 2,300 ரூபாய்.

இந்த 2,300-ஐயும் எது சாப்பிடும் என்று சொல்கிறேன். ஷீட். நாற்பது ஷீட் என்று எழுதியிருக்கிறோம். ஷீட்டை விரித்தால் இரண்டு பக்கம், சராசரி ஐந்து படம் வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும். அப்படியானால் 200 படம். வீட்டார் தேர்ந்தெடுத்து அனுப்புவது 325 படம். மாமா குடும்பத்தை விட முடியாது, சித்தி கோபித்துக்கொள்வார். "போட்டுக் குடுத்துடுங்க தம்பி, இதுக்கெல்லாம் கணக்குப் பார்க்காதீங்க." நாற்பதுக்குள் 325-ஐ அடைத்தால் ஸ்டாம்பு ஒட்டினது போல ஆகிவிடும், அது உங்கள் பெயரில்தான் அந்த வீட்டில் இருக்கும். சரி என்று 65 ஷீட் போடுகிறீர்கள். கூடுதல் 25 ஷீட்டுக்குப் பிரிண்டும் டிசைனும் மட்டும் 5,250. மிச்சம் இருந்த 2,300 போய், உங்கள் கூலியிலிருந்து 2,950 ஆல்பத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். திருத்தத்துக்குக் கூடிய மணியை இதில் நான் சேர்க்கவே இல்லை.

இதற்கு வழி கொட்டேஷனிலேயே இருக்கிறது. "40 ஷீட், சுமார் 200 படம். கூடுதல் ஷீட் ஒன்றுக்கு 350 ரூபாய்" என்று எழுதுங்கள். படம் தேர்ந்தெடுக்கக் கொடுக்கும்போதே 200 என்ற எண்ணை வாயாலும் சொல்லுங்கள். 325 வந்தால் டிசைன் தொடங்குவதற்கு முன் போன் செய்து, "அக்கா, 25 ஷீட் கூடுது, 8,750 ஆகும், போடட்டுமா, இல்ல குறைச்சுக்கறீங்களா?" என்று கேட்க வேண்டும். டிசைன் முடிந்த பிறகு கேட்டால் அது சண்டையாகிவிடும்.

அப்படியானால் இந்தக் கல்யாணத்துக்கு என்ன விலை சொல்லியிருக்க வேண்டும்? எல்லாச் செலவும் கூலியும் கூட்டினால் 47,700. லேபில் நிறம் மாறித் திரும்ப அடிப்பது, வராமல் போகும் பாக்கி போன்றவற்றுக்கு 5 சதவீதம் வைத்தால் சுமார் 50,100. ஸ்டூடியோ வளர 15 சதவீதம் சேர்த்தால் 58,000-ஐ ஒட்டி வருகிறது. ஐம்பதாயிரம் என்பது முதல் மட்டும்தான்.

வருஷம் 30 கல்யாணத்துக்கு 58,000 என்றால் 17,40,000 ஆகிறது. வீடியோவோ கடை வேலையோ சேர்ந்தால் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டும், அப்போது ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். நம் சேவைக்கு 18 சதவீதம். இந்தக் கல்யாணத்துக்கு அது 10,440. எல்லையை நெருங்குகிறவர்கள் "வரி தனி" என்று கொட்டேஷனில் இப்போதே எழுதிப் பழகுங்கள். எழுதாவிட்டால் அந்த வரியும் உங்கள் பணத்திலிருந்துதான் போகும்.

58,000 கட்டுப்படியாகாது என்று ஒரு குடும்பம் சொன்னால்? சொல்லும், அவர்களுக்கும் மண்டபம், சமையல், நகை என்று நெருக்கடி இருக்கிறது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விலையை மட்டும் குறைக்காதீர்கள், பொருளைக் குறையுங்கள். எதைக் குறைத்தால் உண்மையில் செலவு குறையும் என்று தெரிந்து குறைக்க வேண்டும். "ரிசப்ஷன்லேருந்து ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பிடுங்க" என்பார்கள். அதில் நமக்கு ஏறக்குறைய ஒன்றும் குறையாது. அந்த முகூர்த்தத் தேதி போய்விட்டது, மிச்ச ஒரு மணியை வேறு யாருக்கும் விற்க முடியாது. அசிஸ்டென்ட்டும் நாள் கூலிதான் வாங்குவார். வளைகாப்புக்கும் பிறந்த நாளுக்கும் மணிக்கணக்கில் விலை சொல்லலாம். முகூர்த்த நாளுக்கு நாள் விலைதான் சரி. ஆல்பத்தை 40-லிருந்து 25 ஷீட்டாகக் குறைத்தால் 3,150 நேரடியாக மிஞ்சும். 700 படத்துக்குப் பதில் 400 படம் மட்டும் திருத்திக் கொடுப்பதாகச் சொன்னால் ஐந்து மணி நேரம், அதாவது 1,750 குறையும். ஐந்தாயிரம் வரை இப்படி இறங்கலாம். அதற்குக் கீழே இறங்குகிற ஒவ்வொரு ரூபாயும் முதலில் ஸ்டூடியோ வளர வைத்ததிலிருந்தும், பிறகு கேமராவின் பங்கிலிருந்தும் எடுப்பது.

பணம் வாங்கும் முறையைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் பெங்களூருக்கோ துபாய்க்கோ போய்விடுகிறார்கள். படம் தேர்ந்தெடுக்க நேரமில்லை. ஆல்பம் ஆகவில்லை என்பதால் பாக்கியும் வரவில்லை. ஒரு வருஷம் கழித்துக் குழந்தைக்குக் காது குத்தும்போது கேட்கிறார்கள். அதற்குள் லேப் விலை ஏறியிருக்கும். அதனால் தேதி பிடிக்கும்போது 30 சதவீதம், முகூர்த்தத்துக்கு முன்னால் 60 சதவீதம், ஆல்பம் கொடுக்கும்போது 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 58,000-இல் ஆல்பத்தோடு நிற்பது 5,800 மட்டும். லேபுக்கும் டிசைனருக்கும் கொடுக்க வேண்டியதும் அதற்கு மேலும் முன்னமே கையில் வந்திருக்கும். 60 நாளுக்குள் படம் தேர்ந்தெடுக்காவிட்டால் அன்றைய லேப் விலைதான் என்றும், தேதி மாற்றினால் அட்வான்ஸ் திரும்பாது என்றும் இரண்டு வரி சேர்த்து எழுதி, அந்தத் தாளில் பெண்ணின் அப்பாவிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.